பழைய மெத்தைப் பஞ்சை அடிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் சின்ன பஞ்சு மெஷின் வைத்து மெத்தை, தலையணை அடித்துக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு முள் ரோலர், அதற்கு முன்னால் ஃபீட் ரோலர், கீழே தூசி விழும் சல்லடை, பக்கத்தில் பெல்ட் போட்ட மோட்டார், இவ்வளவுதான் நம் மெஷின். இதில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை மெஷினால் வருவதில்லை, உள்ளே போடும் பஞ்சால் வருகின்றன. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், அதிகம் செலவு வைப்பதைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன்.

மெஷினுக்குள் கை விடும் எந்த வேலைக்கும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் முள் ரோலர் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடும். அது முழுசாக நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

## பஞ்சு பிரியாமல் கட்டி கட்டியாக வெளியே வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பஞ்சு மேகம் போல விரிந்து வராமல் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக விழும். இதை அப்படியே மெத்தையில் திணித்தால் ஒரே மாதத்தில் முதுகில் குத்துகிறது என்று ஆள் திரும்பி வருவார்.

முதலில் ஈரம். நாம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைத் திறந்து ஓர் இரவு வெளியே வைத்தாலே காலையில் எடை கூடியிருக்கும். ஈரப் பஞ்சு முள்ளில் பிரியாது, உருளும். கைப்பிடி பஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. இன்னொரு சோதனை, இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பது. காய்ந்த பஞ்சு சட்டென்று எழும்பும், ஈரப் பஞ்சு பிடித்த வடிவத்திலேயே கிடக்கும். இரண்டிலும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு கிலோவை நிறுத்து, வெயிலில் ஒரு மணி நேரம் பிரித்துப் போட்டு, மறுபடி நிறுத்துப் பாருங்கள். 50 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் முழு லாட்டையும் காயவைத்தாக வேண்டும்.

காயவைப்பதிலும் நேரம் முக்கியம். மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, பஞ்சைக் கையால் பிய்த்து மெல்லிசாகப் பரப்பி, மேலே பழைய மீன் வலையைப் போட்டுவிட்டால் பறக்காது. காலை 10 மணிக்குப் போட்டு, நடுவில் ஒரு தடவை புரட்டி, 3 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வரை விட்டால் கடல் காற்று வெயில் செய்த வேலையைக் கெடுத்துவிடும். எடுத்ததும் மூட்டை கட்டி, சூடு ஆறுவதற்குள் மெஷினில் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, ஒரே நேரத்தில் அதிகம் கொடுப்பது. பழைய பஞ்சு தகடு தகடாக ஒட்டிக் கிடக்கும். அதை அப்படியே தட்டில் வைத்துத் தள்ளினால் முள் மேல்பக்கத்தை மட்டும் பிய்க்கும், நடுவில் இருப்பது கட்டியாகவே தாண்டிப் போய்விடும். உள்ளங்கை அகலத்துக்குக் கையால் கிழித்து, தட்டின் முழு அகலத்துக்கும் பரவலாக வைத்துக் கொடுங்கள். மெஷின் ஓடும் சத்தமே சொல்லிவிடும். சீராக ஓடினால் அளவு சரி. ஒவ்வொரு பிடிக்கும் மோட்டார் முனகினால் அளவு அதிகம்.

பிறகு பெல்ட். பஞ்சு காய்ந்திருக்கிறது, அளவாகத்தான் கொடுக்கிறீர்கள், ஆனாலும் கட்டி வருகிறது என்றால் ரோலருக்கு வேகம் போதவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் சரி. ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னால் இழுத்து இறுக்க வேண்டும். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அதே நம்பர் வாங்குவதுதான் பாதுகாப்பு.

கடைசியில் முள். டார்ச் அடித்து ரோலரை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். எல்லா முள்ளும் ஓடும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்தலாம். மழைக்காலத்தில் மெஷின் சும்மா கிடந்தால் உப்புக் காற்றில் முள் துருப் பிடிக்கும். துருப் பிடித்த முள் பஞ்சைப் பிரிக்காது, பிய்த்து எறியும். கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துவிட்டு, முதல் இரண்டு கிலோவுக்குக் கழிவுப் பஞ்சை ஓட்டுங்கள். அது வெள்ளையாக வெளியே வரும் வரை ஆள் கொடுத்த பஞ்சைப் போடக் கூடாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பஞ்சு இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

முள் நுனி மழுங்கி உருண்டையாகிவிட்டாலோ, ஓர் இடத்தில் வரிசையாக முள்ளே இல்லையென்றாலோ ரோலரைக் கழற்றி லேத் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். முள்ளை நாமே அடித்து ஏற்றினால் ரோலரின் சமநிலை போய்விடும். அப்புறம் மெஷின் ஆடும், பேரிங் போகும், செலவு இரட்டிப்பாகும்.

ஒரு தனிக் கேள்வி. புதிதாக வயரிங் செய்த பிறகு திடீரென்று பஞ்சு பிரியவே இல்லை, முள்ளில் தட்டித் திரும்புகிறது என்றால், உங்கள் மோட்டார் மூன்று ஃபேஸா என்று பாருங்கள். இரண்டு ஃபேஸ் ஒயர் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். முள்ளின் முதுகுதான் பஞ்சில் படும். எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு ஒயரை மாற்றினால் தீர்ந்தது.

## பஞ்சு ரோலரிலேயே சுற்றிக்கொள்கிறது

இதற்கும் முதல் காரணம் ஈரம்தான். மேலே சொன்ன கன்னச் சோதனையைச் செய்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

காய்ந்திருந்தும் சுற்றினால், சுற்றியதை வெட்டி எடுத்துக் கையில் பாருங்கள். நீளமான நூல், தலைமுடி, மெத்தைக்குக் குத்திய பழைய தையல் நூல் இருந்தால் பிரித்தெடுக்கும் வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். மெத்தையைத் திறக்கும்போது குத்துத் தையலைத் துணியோடு இழுக்காமல், ஒவ்வொன்றாக வெட்டி நூலை உருவித் தனியாகப் போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் அங்கே மிச்சம் பிடிக்கும் அரை மணி நேரம் ரோலரைச் சுத்தம் செய்வதில் போய்விடும்.

நூல் இல்லை, பஞ்சே வழுக்கலாக, பளபளப்பாக இருக்கிறதா? சிறிது எடுத்து இரண்டு விரலால் முறுக்குங்கள். பருத்தி முறுக்கேறி நூல் மாதிரி நிற்கும். இலவம் பஞ்சு நழுவிப் பிரிந்துவிடும். இலவம் பஞ்சை இந்த மெஷினில் போடவே கூடாது. அதன் இழை எளிதில் ஒடிந்து தூளாகும், அறை முழுக்கப் பறக்கும், தீப்பொறி பட்டால் பருத்தியைவிட வேகமாகப் பிடிக்கும். அதை வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டி, விதையும் தூசியும் எடுத்து மறுபடி அடைப்பதுதான் முறை.

முறுக்கினால் நிற்கிறது, ஆனாலும் சுற்றுகிறது என்றால் உள்ளே பாலியஸ்டர் கலந்திருக்கலாம். கடையில் வாங்கிய தலையணைகளில் இது சகஜம். சிட்டிகை அளவு எடுத்து, மெஷின் அறைக்கு வெளியே, தெருப்பக்கம் நின்று கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல வாசனை வந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். அப்படிப்பட்ட பஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. உருகிய இழை முள் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் அடுத்தவர் பஞ்சும் கெடும்.

## எடை மிகவும் குறைகிறது, கீழே தூள் குவிகிறது

பழைய பஞ்சில் எடை குறையாமல் இருக்காது. எவ்வளவு குறைந்தால் இயல்பு, எதற்கு மேல் கோளாறு என்பதுதான் விஷயம். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு 6 அடிக்கு 4 அடி மெத்தையை வைத்துச் சொல்கிறேன்.

உறையோடு 16 கிலோ இருந்தது. உறையும் பழைய நூலும் ஒரு கிலோ. ஆக, பஞ்சு 15 கிலோ. வெயிலில் காயவைத்ததும் 14 கிலோ 300 கிராம். மெஷினில் ஒரு தடவை ஓட்டி வந்தது 11 கிலோ 800 கிராம். சல்லடைக்குக் கீழே இரண்டரை கிலோ தூசியும் குட்டை இழையும் கிடந்தது. அந்த வீட்டு அம்மா தராசைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பதினாறு கிலோ குடுத்தேன், பன்னெண்டுகூட காட்டலையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்காகவே சல்லடைத் தூளைத் தனிப் பையில் கட்டி, அவர்கள் பெயர் எழுதி வைத்திருப்பது நல்லது. "இதோ இருக்கும்மா, கையை விட்டுப் பாருங்க, இதுல மெத்தை போட்டா மூணு மாசத்துல மாவாயிடும்" என்று காட்டினால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காய்ந்த பஞ்சில் ஆறில் ஒரு பங்கு போனது, பல வருஷம் படுத்த மெத்தைக்கு அதிகமில்லை. நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். முதலில், எத்தனை தடவை ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பஞ்சு நன்றாக வெளுத்து வரட்டும் என்று மூன்று தடவை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் இழை அறுந்து குட்டையாகிறது. பழைய பஞ்சுக்கு ஒரு தடவை போதும், கட்டி மிச்சமிருந்தால் கட்டியை மட்டும் பொறுக்கி இரண்டாம் தடவை போடுங்கள்.

அடுத்து இழையின் நீளம். ஒரு சிட்டிகையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரித்து, பிரிந்த இழையைக் கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் அந்தப் பஞ்சின் ஆயுள் முடிந்தது. எந்த மெஷினும் அதைக் காப்பாற்றாது. ஓட்டும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டிய பிறகு சொன்னால் நாம் பஞ்சை மாற்றிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள். இழை முக்கால் அங்குலத்துக்கு மேல் இருந்தும் தூளாகிறதென்றால் முள்ளும் ஃபீட் ரோலரும் மிக நெருக்கமாக இருக்கின்றன. அந்த இடைவெளியைச் சரிசெய்ய மெஷின் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். கண் மதிப்பில் திருகினால் ஒரு பக்கம் தொட்டு, ஒரு பக்கம் விலகிவிடும்.

அந்த மெத்தைக்கு 4 கிலோ புதுப் பஞ்சு சேர்த்தோம். புதுசைத் தனியாக ஒரு தடவை பிரித்துவிட்டு, பழசும் புதுசுமாக அடுக்கி வைத்துக் கையால் கலந்தோம். மொத்தம் 15 கிலோ 800 கிராம். மேல் அடுக்கில் புதுசையும் அடி அடுக்கில் பழசையும் வைத்து ஏமாற்றுகிற வேலை உண்டு. மெத்தையைத் திருப்பிப் போட்ட அன்றே அது தெரிந்துவிடும்.

## கொடுத்து ஒன்றிரண்டு மாதத்தில் நடுவில் பள்ளம் விழுகிறது

இங்கே மெஷினுக்கு வேலை முடிந்துவிட்டது. கோளாறு அடைப்பதிலும் தைப்பதிலும் இருக்கிறது.

மெத்தையைத் தரையில் போட்டு, விளிம்பிலிருந்து நடுப்பக்கம் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். விளிம்பு கெட்டியாகவும் நடு பொதபொதவென்றும் இருந்தால் அடைத்த விதம் தவறு. வாயிலிருந்து திணித்துக்கொண்டே போனால் மூலையில் பஞ்சு முட்டும், நடுவில் காலி விழும். துணியை விரித்து, பஞ்சை அடுக்கடுக்காகப் பரப்பி, நடுவை இரண்டு விரல் உயரமாக வைத்து, அதன் மேல் உறையைச் சுருட்டித் திருப்பினால் இந்தப் பிரச்சினை வராது.

பஞ்சு எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஆனாலும் இடம் மாறுகிறது என்றால் குத்துத் தையலை எண்ணுங்கள். 6 அடிக்கு 4 அடி மெத்தையில் 8 அங்குலத்துக்கு ஒன்று என்று போட்டால் நீளத்தில் 8, அகலத்தில் 5, ஆக 40 குத்து வரும். காசு குறைக்கிறார்கள் என்று 20 குத்தில் முடித்தால் பஞ்சு நகரத்தான் செய்யும். குத்தின் நூலும் இறுக்கமாக இருக்க வேண்டும், அதே சமயம் துணியைக் கிழிக்காதபடி அடியிலும் மேலும் சிறு துணித் துண்டு அல்லது குஞ்சம் வைத்துக் கட்ட வேண்டும்.

இரண்டும் சரியென்றால் உறையின் அளவைப் பாருங்கள். பக்கப் பட்டி இல்லாமல் இரண்டு துணியை மட்டும் சேர்த்துத் தைத்தால், மெத்தை எவ்வளவு தடிமனோ அவ்வளவும் நீள அகலத்தில் குறையும். 4 அங்குல மெத்தைக்குத் துணியை 4 அங்குலம் கூடுதலாகவும், தையலுக்கு இன்னொரு அங்குலமும் விட்டு வெட்ட வேண்டும். துணியை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டினால் பின்னால் சுருங்காது. உறை பெரிசாகிவிட்டால் பஞ்சு தளர்ந்து ஓடும், சின்னதாகிவிட்டால் மெத்தை படகு மாதிரி வளையும்.

தலையணைக்கு இந்தப் பள்ளம் வந்தால் பெரும்பாலும் மூலையில் பஞ்சு போகவில்லை என்பதுதான் காரணம். மூலைகளை முதலில் அடைத்துவிட்டு நடுவுக்கு வாருங்கள். பஞ்சுப் போர்வையில் வந்தால் தையல் வரிசை அகலமாகிவிட்டது. 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டினால் நிற்கும். போர்வைக்குப் பழைய பஞ்சு போடாதீர்கள், குட்டை இழை துணி வழியாக வெளியே வந்துவிடும்.

## அடித்த பிறகும் வாடை போகவில்லை

வேர்வை, சமையல் வாடையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் நல்ல வெயில் போதும். குழந்தை நனைத்த மெத்தையில் மஞ்சள் படிந்த தகட்டைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஓட்டலாம்.

பூஞ்சை பிடித்துக் கறுத்த பஞ்சையும் வெள்ளத் தண்ணீரில் ஊறிய பஞ்சையும் வாங்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். எண்ணெய் பட்ட பஞ்சு எவ்வளவு காய்ந்தாலும் முள்ளில் அப்பிக்கொள்ளும், எளிதில் தீயும் பிடிக்கும். உறையில் மூட்டைப் பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மெத்தையைக் கடைக்குள் ஏற்றாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு மெத்தையிலிருந்து அடுத்த மெத்தைக்கு ஏறினால் பெயர் கெடுவது நம் கடைக்குத்தான்.

## ஓடும்போது கருகல் வாடை, அல்லது டிக் என்று பொறி

உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். மற்ற யோசனை பிறகு.

மெத்தைக்குள் ஊக்கு, ஹேர்பின், காசு, குழந்தை போட்ட ஆணி எல்லாம் இருக்கும். அது முள்ளில் பட்டால் பொறி தெறிக்கும். பொறி விழுந்த பஞ்சு வெளியே சுவாலை காட்டாமல் உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும் என்பதுதான் ஆபத்து. வெளியே வந்த பஞ்சு முழுவதையும் வாசலுக்கு இழுத்துப் போட்டுப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்டை அணைத்தது உறுதியான பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பஞ்சை மூட்டை கட்டி உள்ளே வைக்காதீர்கள். நடு ராத்திரியில் தீ எழும்புவது இப்படித்தான். புகை அடங்கவில்லையென்றால் 101-ஐ அழையுங்கள். தீ அறையில் பரவிவிட்டால் பஞ்சைக் காப்பாற்றப் போகக் கூடாது.

பொறி இல்லை, வாடை மட்டும் என்றால் பெல்ட் வழுக்குகிறதா, பேரிங் சூடா என்று பாருங்கள். மெஷின் நின்ற பிறகு பேரிங் மேல் கை வைக்க முடியாத அளவு சூடென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றும் வரை ஓட்டக் கூடாது. இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

இனிமேல் வராமல் இருக்க, பழைய பஞ்சைக் கிழிக்கும் மேசையில் பெரிய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொரு பிடியையும் அதன் மேல் உரசி அனுப்புங்கள். இரும்பு ஊக்கு ஒட்டிக்கொள்ளும். பித்தளையும் அலுமினியக் காசும் ஒட்டாது, அதற்கு விரல்தான் வழி.

## மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

பிளக்கைப் பிடுங்கி, ரோலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் போதும். லேசாகச் சுற்றியும் மோட்டார் முனகினால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். கையால் ஒரு தள்ளு தள்ளி ஓட்டுகிற வழக்கம் வேண்டாம், காயில் கருகிவிடும். கெப்பாசிட்டரைத் திறந்து தொடவும் வேண்டாம். கரண்டு அணைத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## ஓட்டுகிறவருக்கு நெஞ்சு இறுக்குகிறது

இதையும் ஒரு கோளாறாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதைச் சளி என்று தள்ளிவிடுகிறார்கள். ஒரு நாள் லீவு முடிந்து மெஷினுக்குத் திரும்பிய அன்று நெஞ்சு இறுக்கம், இருமல் வந்து, வாரக் கடைசியில் குறைந்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தால் அது பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அடையாளம். ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் சரியாகும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் திரும்பாத அளவுக்குக் கெடும்.

முதல் செலவு N95 மாஸ்க். கைக்குட்டை கட்டினால் நுண்தூசி நிற்காது. அடுத்தது, தூள் விழும் இடத்தை மூடி, காற்றாடியை உங்கள் முகத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளும்படி திருப்பி வைப்பது. தரையை உலர்வாகக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைப்பது. இவ்வளவு செய்தும் திங்கட்கிழமை இறுக்கம் வந்தால் மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் குடிக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை வருஷமாகப் பஞ்சு மெஷினில் நிற்கிறீர்கள், எந்தக் கிழமை அதிகமாகிறது என்ற இரண்டையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.